ஆண்டு நடுவே வேலை மாறியவரின் வரிக் கணக்கு: பழைய சம்பளத்தைச் சேர்ப்பது எப்படி?

மாதம் 90,000 ரூபாய் மொத்தச் சம்பளம் வாங்கும் ஒருவர் 2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே வேறொரு கம்பெனியில் மாதம் 1,30,000 ரூபாய்க்குச் சேர்கிறார். இரண்டு இடத்திலும் புதிய வரிமுறைதான். ஏப்ரல் முதல் மார்ச் வரை வந்த எல்லாச் சம்பளச் சீட்டிலும் டிடிஎஸ் பூஜ்யம். வரியே இல்லை என்று நம்பியிருந்தவர் ஜூலையில் கணக்கு தாக்கல் செய்ய உட்காரும்போது, 75,660 ரூபாய் வரியும் அதன்மேல் வட்டியும் கட்டச் சொல்லித் திரை காட்டுகிறது.

இதில் எந்தக் கம்பெனியும் தப்புக் கணக்குப் போடவில்லை. பழைய கம்பெனி ஏப்ரலில் என்ன செய்தது? 90,000 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கி 10,80,000 என்று ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டது. நிலையான கழிவு 75,000 போக 10,05,000. அடுக்குகளின்படி 40,500 ரூபாய் வரி வந்தாலும், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ பிரிவின் தள்ளுபடி அதை முழுவதும் அழித்துவிட்டது. புதிய கம்பெனி தன் ஏழு மாதத்தை மட்டும் பார்த்தது: 9,10,000 ரூபாய், கழிவு போக 8,35,000, வரி 23,500, அதுவும் தள்ளுபடியில் போயிற்று.

உண்மையான வருமானம் இரண்டின் கூட்டல். பழைய இடத்தில் ஐந்து மாதத்துக்கு 4,50,000, புதிய இடத்தில் 9,10,000, ஆக மொத்தம் 13,60,000. நிலையான கழிவு ஒருமுறை போக 12,85,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறை அடுக்கில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம், 40,000. மிச்சமுள்ள 85,000 ரூபாய்க்கு 15 சதவீதம், 12,750. கூட்டினால் 72,750, 4 சதவீத செஸ் 2,910 சேர்த்தால் 75,660. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது.

வரி இல்லாத முதல் 4 லட்சம், 75,000 ரூபாய் நிலையான கழிவு, 87ஏ தள்ளுபடி ஆகிய மூன்றும் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு ஒருமுறை தரப்படுபவை. வேலை மாறியவருக்கு இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு முறை அவற்றைத் தந்துவிடுகின்றன. அந்த இரட்டிப்புதான் ஜூலையில் பாக்கியாக நிற்கிறது. கணக்கை ஒன்றாக்கும் வேலையைப் புதிய கம்பெனியிடம் ஒப்படைக்க வருமான வரிச் சட்டம் 1961-ன் 192(2) பிரிவு வழி தருகிறது. அதற்கான தாள் படிவம் 12பி. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே உள்ளவை 2025-26-க்கானவை.)

எந்த மாதம் சொல்கிறோம் என்பது

12பி கைக்கு வந்ததும் புதிய கம்பெனியின் பேரோல் பிரிவு போடும் கணக்கு எளியது. பழைய இடத்தில் உண்மையில் கிடைத்த சம்பளம், இங்கே இதுவரை கொடுத்தது, மார்ச் வரை கொடுக்கப்போவது, வரும் என்று உறுதியாகத் தெரிந்த போனஸ் ஆகிய நான்கையும் கூட்டும். ஆண்டு முழுமைக்குமான வரியைக் கண்டுபிடித்து, பழைய கம்பெனி பிடித்த டிடிஎஸ்ஸையும் தான் இதுவரை பிடித்ததையும் கழிக்கும். மிச்சத்தை மீதமுள்ள மாதங்களால் வகுக்கும். பற்றாக்குறையையும் உபரியையும் அதே நிதியாண்டுக்குள் சரிசெய்துகொள்ள 192(3) பிரிவு கம்பெனிக்கு அனுமதி தருகிறது.

ஆகவே மொத்த வரி மாறாது. மாதத் தவணை மாறும். நம் உதாரணக்காரர் செப்டம்பரிலேயே 12பி கொடுத்தால் 75,660 ரூபாய் ஏழு மாதத்தில் பிரிந்து மாதம் சுமார் 10,809 ரூபாய் பிடிப்பார்கள். ஜனவரி சம்பளத்துக்கு முன் கொடுத்தால் மூன்று மாதம்தான் மிச்சம், மாதம் 25,220. மார்ச்சில் கொடுத்தால் ஒரே மாதச் சம்பளத்தில் முழுத் தொகையும் போகும். வீட்டுக் கடன் தவணை வைத்திருப்பவருக்கு அந்த மார்ச் மாதம் மிகவும் கடினமாகிவிடும். அதனால்தான் சேர்ந்த முதல் மாதமே கொடுப்பது நல்லது.

முதல் மாதத்தில் பழைய கம்பெனியின் படிவம் 16 கிடைக்காதே என்று பலர் காத்திருக்கிறார்கள். அது அடுத்த ஜூன் 15 வரை வராது. காத்திருந்தால் ஆண்டே முடிந்துவிடும். நம் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-உம் உடனே உதவாது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு டிடிஎஸ் விவரம் தாக்கல் செய்யக் கம்பெனிக்கு அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது, அதன் பிறகுதான் ஆகஸ்ட் மாதப் பிடித்தம் அதில் தெரியும். 12பி நிரப்ப வேண்டியவை பழைய இடத்தின் சம்பளச் சீட்டுகளும், வெளியேறும்போது தரும் வரிக் கணக்குத் தாளும்தான். கம்பெனியின் பெயர், முகவரி, வரி பிடிப்பவருக்குத் தரப்படும் டான் எண், வேலை பார்த்த காலம், சம்பளம், வரிவிலக்குள்ள படிகள், பிஎஃப் பிடித்தம், டிடிஎஸ் எல்லாம் அவற்றிலேயே இருக்கும். போர்ட்டலின் உள்நுழைவு மூடப்படும் முன் அவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். வேலையை விட்ட பிறகு பழைய ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டிருப்பது வாரக்கணக்கில் இழுக்கும்.

12பி-ஐ 12பிபி-உடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 12பிபி என்பது வீட்டு வாடகை, சேமிப்பு, வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றை அறிவிப்பது. அவற்றுக்குக் கழிவு கேட்கும் ஊழியர்கள் கொடுப்பது. அதில் பழைய சம்பளத்துக்கு இடமே இல்லை. ‘டிக்ளரேஷன் கொடுத்தாயிற்று’ என்று சொல்பவர்களில் பலர் கொடுத்திருப்பது இதைத்தான்.

எந்த எண்ணை எழுதுவது

தவறுகள் பெரும்பாலும் நடப்பது இங்கேதான். பேரோல் போர்ட்டலில் ‘முந்தைய நிறுவனத்தின் வருமானம்’ என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதக்கூடிய எண்கள் நான்கைந்து உண்டு, சரியானது ஒன்றுதான்.

வங்கியில் விழுந்த தொகையை எழுதக் கூடாது. அது பிஎஃப், தொழில் வரி, டிடிஎஸ் எல்லாம் போன மிச்சம். புதிய வரிமுறையில் ஊழியரின் பிஎஃப் பங்குக்கு எந்தக் கழிவும் இல்லை. மொத்தச் சம்பளத்தில்தான் வரி. அதேபோல் ஆஃபர் கடிதத்தில் உள்ள சிடிசி-ஐ ஐந்து மாதத்துக்குப் பிரித்து எழுதுவதும் தவறு. கம்பெனி செலுத்தும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டி ஒதுக்கீடும் அதற்குள் இருப்பதால் வருமானம் இல்லாதது வருமானமாகிவிடும்.

அதைவிட மோசமான தவறு நிலையான கழிவில் நடக்கிறது. பழைய கம்பெனியின் வரிக் கணக்குத் தாளில் கீழே போகப்போக ‘வரிக்குரிய வருமானம்’ என்று ஒரு வரி வரும். 4,50,000 ரூபாயில் 75,000 கழித்து 3,75,000 என்று இருக்கும். பெயரைப் பார்த்தால் அதுதான் பொருத்தமானது போலத் தோன்றும். அதை எடுத்துக் கட்டத்தில் போட்டால், புதிய கம்பெனியின் மென்பொருள் தன் பங்குக்கு இன்னொரு 75,000 கழிக்கும். வரிக்குரிய வருமானம் 12,85,000-க்குப் பதிலாக 12,10,000 ஆகும்.

75,000 ரூபாய் குறைந்ததற்கு 15 சதவீதம் என்று பார்த்தால் வரி பதினோராயிரம் சொச்சம்தானே குறையும் என்று தோன்றலாம். ஆனால் 12 லட்சத்துக்குச் சற்று மேலே மார்ஜினல் ரிலீஃப் என்ற விதி வேலை செய்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு ரூபாய் அதிகமோ, அதற்கு மேல் வரி போகக் கூடாது என்பது அது. 12,10,000-க்கு அடுக்கின்படி வரி 61,500. அதிகப்படி வருமானம் 10,000 மட்டும். எனவே வரி 10,000, செஸ்ஸோடு 10,400. சரியான கணக்கில் 75,660. ஒரு கட்டத்தில் ஓர் எண் மாறியதால் 65,260 ரூபாய் குறைவாகப் பிடிக்கப்படுகிறது. அவர் 12பி கொடுத்தும் ஜூலையில் பாக்கி வருகிறது. 12 லட்சத்தைச் சுற்றி வருமானம் உள்ளவர்கள் இந்த எண்ணை இரண்டு முறை சரிபார்ப்பது வீண் வேலை இல்லை.

எழுத வேண்டியது, வரிவிலக்குள்ள படிகள் போக, நிலையான கழிவுக்கு முந்தைய மொத்தச் சம்பளம். நம் உதாரணத்தில் 4,50,000. எழுதிய பிறகு புதிய கம்பெனி தரும் வரிக் கணக்குத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சம்பளமும் முழுதாகத் தெரிந்து, அவற்றின் கூட்டலுக்குக் கீழே 75,000 ஒரே ஒரு முறை கழிந்திருந்தால் கணக்கு சரி.

வரிவிலக்குள்ள படிகள் விஷயத்தில் எந்த வரிமுறை என்பது முக்கியம். பழைய கம்பெனியில் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அங்கே மாதம் 12,000 ரூபாய் வீதம் ஐந்து மாதத்துக்கு 60,000 ரூபாய் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கொடுத்து, சம்பளத்தை 3,90,000 என்று காட்டியிருப்பார்கள். புதிய கம்பெனியில் புதிய வரிமுறைக்கு மாறுகிறார் என்றால் அந்த 3,90,000 உதவாது. புதிய முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு இல்லாததால் 60,000-ஐத் திரும்பக் கூட்டி 4,50,000 என்றே எழுத வேண்டும். ஏழு மாதம் ஒரு முறை, ஐந்து மாதம் வேறு முறை என்று ஓர் ஆண்டைப் பிரிக்க முடியாது. கணக்கு தாக்கல் செய்யும்போது ஆண்டு முழுவதுக்கும் ஒரே முறைதான். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஊழியரிடம் எந்த முறை என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஊழியர் சொல்லாவிட்டால் புதிய முறையில் பிடிக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எனவே வேலை மாறியதும் இந்தத் தேர்வு புதிதாகத் தொடங்குகிறது. முந்தைய இடத்தில் சொன்னது தானாகக் கூடவே வராது.

இறுதிக் கணக்கு வந்த பிறகு

செப்டம்பரில் கொடுத்த 12பி பெரும்பாலும் முழுமையானதாக இருக்காது. பழைய கம்பெனியின் இறுதிக் கணக்கு அதன் பிறகுதான் முடியும். எடுக்காத விடுப்புக்கான பணம், நிலுவைப் போனஸ், ஐந்து ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி எல்லாம் அதில் வரும். தனியார் ஊழியர் ராஜினாமா செய்யும்போது கிடைக்கும் விடுப்புப் பணத்துக்கு, வாழ்நாள் முழுமைக்குமாக 25 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், சூத்திரப்படி விலக்கு உண்டு. புதிய வரிமுறையிலும் உண்டு. ஆனால் வேலையில் இருக்கும்போதே பணமாக்கிய விடுப்புக்கு இந்த விலக்கு இல்லை. இறுதிக் கணக்குத் தாள் வந்ததும் வரிக்குரிய பகுதியை மட்டும் சேர்த்துத் திருத்திய 12பி கொடுக்க வேண்டும். 40,000 ரூபாய் போனஸ் விட்டுப்போனாலும் நம் உதாரணக்காரருக்கு 6,240 ரூபாய் வரி கூடும்.

நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் வந்தவருக்கு இன்னொரு சிக்கல். இறுதிக் கணக்கில் 90,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டாலும், பழைய கம்பெனி பொதுவாக முழுச் சம்பளத்தையும் படிவம் 16-ல் காட்டும். கைக்கு வராத பணத்துக்கு வரியா என்று கேட்பது நியாயம்தான். ஊழியருக்குச் சாதகமான தீர்ப்பாய முடிவுகளும் இருக்கின்றன. ஆனாலும் பேரோல் பிரிவு அந்தப் பொறுப்பை ஏற்காது. மதிப்பீட்டில் முழுச் சம்பளத்தையே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நோட்டீஸ் தொகையைப் புதிய கம்பெனி ஈடுகட்டினால் அதுவும், வேலையில் சேர்வதற்காகத் தரும் போனஸும் புதிய இடத்தின் சம்பள வருமானமாகக் கூடும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மாதம் 1,60,000 வாங்கியவர் அதே தேதியில் 70,000 ரூபாய் வேலைக்கு மாறுகிறார். பழைய கம்பெனி ஆண்டு வருமானம் 19,20,000 என்று மதிப்பிட்டு, கடைசி மாதம் வரை மாதம் சுமார் 14,647 வீதம் ஐந்து மாதத்தில் 73,233 ரூபாய் பிடித்துவிட்டது. உண்மையில் ஆண்டு மொத்தம் 12,90,000, கழிவு போக 12,15,000, மார்ஜினல் ரிலீஃபால் வரி செஸ்ஸோடு 15,600. 12பி கொடுத்தால் புதிய கம்பெனி இனிப் பிடிக்காது, அவ்வளவுதான். தான் பிடிக்காத 57,633 ரூபாயை அது திருப்பித் தர முடியாது. கணக்கு தாக்கல் செய்துதான் துறையிடமிருந்து வாங்க வேண்டும்.

கொடுக்க விரும்பாவிட்டால்

12பி கொடுப்பது ஊழியரின் விருப்பம். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பழைய சம்பளத்தைப் புதிய ஹெச்ஆருக்குக் காட்ட வேண்டாம் என்று நினைப்பவர்களின் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அப்போது வரியைத் தானே கட்டும் பொறுப்பு அவருடையது. டிடிஎஸ் போக நிகர வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும்.

எதுவும் கட்டாமல் ஜூலையில் கட்டினால் நம் உதாரணக்காரருக்கு வட்டி இரண்டு வகை. தவணை தவறியதற்கு 234சி பிரிவில் 3,816 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வீதம் 234பி பிரிவில் 3,024 ரூபாய். இரண்டும் சேர்ந்து 6,840. மார்ச் 31-க்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் இரண்டாவது வட்டி வராது. வருமான வரி இணையதளத்தில் கட்டும்போது வகை ‘அட்வான்ஸ் டாக்ஸ்’ (100), மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-26 என்று நிதியாண்டை நினைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் முந்தைய ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு படிவம் 16 கையில் இருக்கும்போது

12பி கொடுத்தவருக்குக் கடைசிக் கண்ணி ஜூனில் வருகிறது. புதிய கம்பெனியின் படிவம் 16, பாகம் பி-யில் 1(e) என்ற வரியில் `Reported total amount of salary received from other employer(s)` என்று பழைய சம்பளம் 4,50,000 பதிவாகியிருக்கும். அதே படிவத்தின் 6-ஆம் வரியில் உள்ள சம்பள வருமானம் அதையும் சேர்த்த 12,85,000. பழைய கம்பெனியின் படிவம் 16-லும் 6-ஆம் வரி இருக்கிறது, 3,75,000. இரண்டு படிவத்திலும் 6-ஆம் வரியை எடுத்துக் கூட்டினால் 16,60,000 வரும். பழைய சம்பளம் இரண்டு முறை ஏறிவிடும், வரி தேவையில்லாமல் கூடும். 12பி கொடுக்காதவர் அதே இரண்டு வரிகளைக் கூட்டினால் நேர்மாறாக, நிலையான கழிவு இரண்டு முறை போய் 12,10,000 என்று குறைவாக வரும்.

எனவே 6-ஆம் வரியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு படிவத்திலும் 1(d) வரியில் உள்ள மொத்தச் சம்பளத்தை, அதாவது அந்தந்தக் கம்பெனி கொடுத்ததை மட்டும், தனித்தனி நிறுவனமாகக் கணக்குப் படிவத்தில் பதிந்து, நிலையான கழிவு மொத்தத்தில் ஒருமுறை போகிறதா என்று பார்க்க வேண்டும். டிடிஎஸ்ஸைப் படிவம் 16-லிருந்து எழுதாமல் 26ஏஎஸ்-ல் அந்தந்த டான் எண்ணுக்கு எதிரே இருப்பதோடு ஒப்பிட வேண்டும். பழைய கம்பெனி பிடித்த வரி அங்கே இல்லை என்றால், தாக்கல் செய்யும் முன்பே சம்பளச் சீட்டை இணைத்து அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு எழுதி, அவர்கள் தாக்கல் செய்த காலாண்டு டிடிஎஸ் விவரமான 24க்யூ-வைத் திருத்தச் சொல்ல வேண்டும்.